காலாண்டுக் கடைசியில் மாற்றினால் போதும் என்றார்கள், 8,679 ரூபாய் போனது

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. இன்று காலைதான் பாஸ்புக்கில் வட்டி வரவைப் பார்த்தேன். 99 ரூபாய். வர வேண்டியது 8,778 ரூபாய். மீதி 8,679 ரூபாய் ஒரு வங்கி ஊழியரின் பேச்சை நம்பியதால் போனது.

திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். நீண்ட நாள் நிலுவையில் இருந்த 12 லட்சம் ரூபாய் ஏப்ரல் 3-ம் தேதி என் நடப்புக் கணக்குக்கு வந்தது. புது மெஷினுக்கு எடுத்து வைத்த பணம். மெஷின்காரர் எந்த நாளும் கூப்பிடலாம் என்பதால் வைப்பு நிதியில் போட மனம் வரவில்லை. நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது, அதனால் அதே வங்கியில் இருக்கும் என் சேமிப்புக் கணக்குக்கு மாற்றலாம் என்று கிளைக்குப் போனேன். அங்கே சேமிப்புக்கு 3 சதவீதம்.

எங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அண்ணா, இப்ப எதுக்கு மாத்துறீங்க? சேமிப்புக்கு வட்டி காலாண்டுக் கடைசியில என்ன இருப்பு இருக்கோ அதுக்குத்தான். ஜூன் 30 அன்னைக்கு மாத்துங்க, மூணு மாச வட்டியும் வந்துடும். அதுவரைக்கும் நடப்புலயே இருக்கட்டும், அவசரத்துக்கு எடுக்க வசதி." மூன்று வருடமாக என் செக் புத்தகத்தைக்கூடக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தவர். சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "பத்தாம் தேதிக்குள் போட்டுவிடு, இல்லாவிட்டால் அந்த மாத வட்டி போச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அது உண்மையாக இருந்த விதிதான். 2010 மார்ச் வரை வங்கிகள் 10-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி கொடுத்தன. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இன்றும் அப்படித்தான். அதனால் 'ஏதோ ஒரு தேதியில் இருந்தால் போதும்' என்ற பேச்சு எனக்குப் புதிதாகப் படவில்லை.

ஆனால் 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகளில் நாள்கணக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது என்ன இருப்போ, அதற்கு அந்த ஒரு நாளின் வட்டியைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். காலாண்டுக் கடைசியில் அந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கில் வரவு வைக்கிறார்கள், அவ்வளவுதான். வரவு வைக்கும் நாளும் கணக்கிடும் நாளும் வேறு வேறு. அந்த அதிகாரி இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். 12 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36,000 ரூபாய். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 98 ரூபாய் 63 காசு. ஏப்ரல் 3 முதல் ஜூன் 29 வரை 88 நாள். 88 நாள் வட்டி 8,679 ரூபாய். நான் ஜூன் 30 அன்று மாற்றியதால் ஒரே ஒரு நாள் வட்டி வந்தது.

கிளைக்கு ஓடினேன். அந்த அதிகாரி வேறு கிளைக்கு மாறிவிட்டார். மேனேஜர், "சிஸ்டம் சரியாத்தான் போட்டிருக்கு சார், பணம் சேமிப்புல இல்லையே" என்றார். அது சரிதான், கணக்கில் தப்பில்லை. தப்பு சொன்ன வார்த்தையில். அதைக் கேட்டதும், "வாய்மொழியா சொன்னதுக்கு எழுத்துல ஏதாச்சும் இருக்கா?" என்று திருப்பினார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் நான்கு முறை பேசினேன், நான்கு முறையும் "கிளையை அணுகுங்கள்". வெளியே வந்தபோது பழக்கமான ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: நடப்புக் கணக்கு இருப்புக்கு அவர்களுக்கு இலக்கு உண்டாம். வட்டி கொடுக்காத பணம் வங்கிக்கு லாபம். எனக்கு 8,679 ரூபாய் நட்டம்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. சும்மா கிடக்கும் பணத்தை வந்த அன்றே சேமிப்புக்கு மாற்றுங்கள், மாதக் கடைசிக்குக் காத்திருக்காதீர்கள். எடுக்கிற அவசரம் இல்லையென்றால் மாலையில் எடுக்காமல் மறுநாள் காலை எடுங்கள், அன்றைய இருப்பும் கணக்கில் வரும். செக் போட்டால் பணம் கணக்கில் ஏறும் நாளிலிருந்துதான் வட்டி, நீங்கள் பெட்டியில் போட்ட நாளிலிருந்து அல்ல. யாராவது தேதி சொன்னால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கிக்கு எழுத்துப் புகார் இன்று கொடுத்துவிட்டேன். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புவேன். 12 லட்சத்தையும் நாளை வேறு வங்கிக்கு மாற்றுகிறேன்.