உயில் நிறைவேற்றாளர்கள் கவனத்துக்கு: கடன் தீரும் முன் பங்கு பிரிக்காதீர்கள்

உயில் வேலைகளை முடித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் சில ஆலோசகர்கள், "வாரிசுகள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், பிரித்துக் கொடுத்துவிடலாம்" என்று அவசரப்படுத்துகிறார்கள். அதை நம்பிய ஒரு நிறைவேற்றாளர் எப்படி மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள்.

இறந்தவரின் வங்கி இருப்பு, வைப்பு நிதி, வீடு விற்ற பணம் எல்லாம் சேர்ந்து 60 லட்சம் நிறைவேற்றாளர் கைக்கு வந்தது. இறுதிச் சடங்குக்கும் நீதிமன்றச் செலவுக்கும் 4, தெரிந்த கடன்களுக்கு 6 போக மீதி 50. அண்ணன் மகளுக்கு 20 லட்சம், மிச்சமெல்லாம் மகனுக்கு என்பது உயில். இரண்டாம் மாதமே பிரித்துக் கொடுத்தார். ஐந்தாம் மாதம் ஒரு கடன் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. நண்பரின் தொழில் கடனுக்கு இறந்தவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார், நண்பர் கட்டவில்லை, பாக்கி 36 லட்சம்.

பணம் கையில் இருந்திருந்தால் கணக்கு எளிது. மகனுக்கு உரிய மிச்சம்தான் முதலில் கரையும், அந்த 30 போய்விடும். பாக்கி 6 அண்ணன் மகளின் பங்கிலிருந்து போகும், அவருக்கு 14 கிடைத்திருக்கும். மகன் பணத்தைச் செலவழித்துவிட்டதால், கடன் கொடுத்தவர் நிறைவேற்றாளர் மேலேயே வழக்குப் போட்டார். கடனுக்குப் போயிருக்க வேண்டிய சொத்தைப் பிரித்துவிட்டால், அந்த அளவுக்கு அவர் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டிவரும். பங்கு வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்கும் உரிமை பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. ஆனால் செலவான பணத்தை வாங்குவது லேசான காரியம் இல்லை.

இந்த ஜாமீன் மறைவாக இருந்ததும் இல்லை. இறந்தவரின் பழைய கோப்பில் கடன் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கிடந்தது. கடைசிப் பக்கத்தில் "உத்தரவாதி" என்ற இடத்தில் அவர் கையெழுத்து. ஜாமீன் கடனுக்கு இறந்தவர் தவணை கட்டுவதில்லை, அதனால் வங்கிக் கணக்கில் தடயமே இருக்காது. காகிதங்களையும் கடன் தகவல் அறிக்கையையும்தான் பார்க்க வேண்டும்.

ஆலோசகர் செய்த மோசம் இன்னொன்று. கடன் கொடுத்தவர்கள் உரிமை கோரச் சொல்லும் பொது அறிவிப்புக்குப் பணம் வாங்கிவிட்டு, பங்கு பிரித்த பிறகுதான் அதை வெளியிட்டார். அறிவிப்பு தந்து, சட்டம் சொல்லும் கெடு முடிந்தபின் பிரித்தால்தான், நிறைவேற்றாளருக்குத் தெரியாத கடனிலிருந்து பாதுகாப்பு. ஆகவே அறிவிப்பு வந்த பக்கத்தையே கேட்டு வாங்குங்கள், அதிலுள்ள தேதியைப் பாருங்கள். ரசீது போதாது.

வாரிசுகளிடம் ஆலோசகர் வாங்கித் தந்ததும் "பெற்றுக்கொண்டேன்" என்ற சீட்டு மட்டுமே. பின்னால் கடன் வந்தால் திருப்பித் தருவேன் என்ற ஒப்புதல் அதில் இல்லை. இறந்தவரின் கடைசி வரிக் கணக்கு முடிவதற்கு முன்பே வாரிசுகள் நெருக்கினால், அந்த ஒப்புதலை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு சிறு பகுதியை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். மீதி தனி வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். பல நாடுகளில் இறந்த தேதியிலிருந்து ஓராண்டு வரை பங்கைக் கொடுக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.