வரப்போகும் ரிட்டர்னுக்கு ஒதுக்கீடு: பில்லின் வயதை வைத்துக் கணக்கிட்ட அனுபவம்

திருப்பூரிலிருந்து ஆன்லைனில் பின்னலாடை விற்கும் ஒரு நிறுவனத்தின் மாதக் கணக்கை முடிப்பது என் வேலை. பில் போட்ட துணியில் ஒரு பங்கு அடுத்த மாதம் எப்படியும் திரும்பி வரும். அதற்கு மாதக் கடைசியிலேயே ஒதுக்கீடு வைக்க, எக்செல்லில் ஒரு அட்டவணையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

பலர் இந்த மாதம் வந்த ரிட்டர்னை இந்த மாத விற்பனையால் வகுத்து விகிதம் எடுப்பார்கள். எளிதுதான், ஆனால் வந்த சரக்கில் பாதி போன மாதம் விற்றது. தீபாவளி முடிந்து விற்பனை படுத்திருக்கும்போது பண்டிகைத் துணி திரும்பினால் விகிதம் எகிறிவிடும். என் அட்டவணை ஒவ்வொரு ரிட்டர்னையும் அதன் மூல பில் தேதியோடு சேர்த்து, பில் போட்டு எத்தனை நாளில் திரும்பியது என்று பார்க்கிறது. அதை வைத்து, இத்தனை நாளான பில்லில் இன்னும் எத்தனை சதவீதம் திரும்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதன் அருமை தெரிவது அக்டோபரில். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. இரண்டு ஆண்டும் அக்டோபர் விற்பனை 40 லட்சம், அதில் மொத்தமாகத் திரும்புவது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாத முடிவில், முதல் பத்து நாள் பில்களில் இன்னும் வர வேண்டியது 2 சதவீதம், நடுப் பத்து நாளில் 11, கடைசி நாள்களில் 19. 2025 போல விற்பனை 18, 14, 8 லட்சம் என்று முன்னதாகவே நடந்திருந்தால் ஒதுக்கீடு 3.42 லட்சம். 2024 போல 6, 16, 18 என்று கடைசியில் குவிந்திருந்தால் 5.30 லட்சம். மாத மொத்தத்தை மட்டும் பார்க்கும் முறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த 5.30 லட்சம் முழுவதும் நஷ்டம் இல்லை, துணியும் திரும்புகிறதே! விற்பனையில் 5.30 லட்சத்தைக் குறைத்து, திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகக் காட்டுகிறேன். விற்பனையில் அடக்க விலை 60 சதவீதம் என்றால், திரும்பும் துணியின் அடக்கம் 3.18 லட்சம். அதில் கறைபட்டு விற்க முடியாமல் போகும் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 2.86 லட்சத்தைத் தனிச் சொத்தாக எழுதுகிறேன். லாபத்தில் குறைவது 2.44 லட்சம். தொகை எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாகத்தான். வரி குறைவது கிரெடிட் நோட் போட்ட பிறகே.

வாடிக்கையாளர் கையில் வாங்காமலே திரும்பும் கேஷ் ஆன் டெலிவரி பார்சல்களை இதில் கலக்கக் கூடாது. அவை பிரிக்கப்படாமல், சீக்கிரமே திரும்புபவை. சேர்த்தால் நாள் கணக்கு முழுவதும் முன்னே இழுக்கும்.

மூன்று மாதம் கழித்து, வைத்த தொகையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுகிறேன். ஏற்ற இறக்கம் இருந்தால் கவலை இல்லை. தொடர்ந்து ஒரே பக்கம் பிசகினால் விகிதம் பழையதாகிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் யாரோ ரிட்டர்ன் காலக்கெடுவை நீட்டியிருப்பார்கள், கணக்குப் பிரிவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். புது ரகங்களுக்கு மட்டும் இந்த அட்டவணை உதவாது. அவற்றுக்கு நெருங்கிய பழைய ரகத்தின் விகிதத்தைக் கடன் வாங்கித் தனி வரியில் வைத்திருக்கிறேன்.