ஃபிளாக்கா, கேனரியா: பின்வாங்குவது எதில் சுலபம்?

எங்கள் பில்லிங் சர்வீஸில் தள்ளுபடி கணக்கிடும் புரோகிராம் கோடை மாற்றி எழுதியபோது டீமில் இரண்டு கட்சி. புது கோடை, சர்வீஸ் ஓடும் பல பாட்களில் ஒன்றில் மட்டும் ஏற்றிப் பார்க்கலாம் என்றது கேனரி கட்சி. எல்லாப் பாட்களிலும் ஏற்றி, ஒரு `if`-க்குப் பின்னால் மூடி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம் என்றது ஃபீச்சர் ஃபிளாக் கட்சி. நான் ஃபிளாக் கட்சி. அதைத்தான் செய்தோம், ஒரு அடியும் வாங்கினோம். இருந்தாலும் கட்சி மாறவில்லை.

20 பாட்களில் ஒன்று புதியது என்றால் 5 சதவீதம் போகிறது. ஆனால் அது ரிக்வெஸ்ட்களில் 5 சதவீதம், வாடிக்கையாளர்களில் அல்ல. ஒரே ஆளுக்குக் கார்ட்டில் புதுக் கணக்கு, பணம் கட்டும் பக்கத்தில் பழைய கணக்கு என்று வரலாம். லோட் பேலன்சரில் ஆளை எப்போதும் ஒரே பாட் பக்கமே அனுப்பலாம்தான், அது தனி வேலை. ஃபிளாக்கில் வாடிக்கையாளர் எண்ணையும் ஃபிளாக் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்து நூறால் வகுத்து மீதியைப் பார்க்கிறோம். ஒருவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நிற்பார். பெயரைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள்தான் சோதனை எலி.

நான் ஃபிளாக் பக்கம் சாய்ந்த காரணம் பின்வாங்கும் வேகம். கேனரியில் `kubectl rollout undo` கொடுத்துப் பழைய பாட் எழுந்து நிற்க எங்களுக்கு ஆறு நிமிடம் ஆகும். ஃபிளாக்கை அணைத்தால், எங்கள் சர்வர்கள் அதை 30 விநாடிக்கு ஒருமுறை கேட்பதால், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஃபிளாக் சர்வீஸே படுத்துவிட்டால் கோடில் உள்ள டிஃபால்ட்தான் ஓடும். அது பழைய வழியாக இருக்கிறதா என்பதையும் ஒரு டெஸ்ட்டில் பார்த்துவிடுங்கள்.

அடி வாங்கியது இங்கேதான். பழைய கோடு தள்ளுபடியை ரூபாயில் சேமிக்கும். புதுக் கோடு டேட்டாபேஸில் அதே நெடுவரிசையில் பைசாவில் சேமித்தது. 2 சதவீதம் பேருக்குத் திறந்தோம், வேறொரு சின்னக் குறை தெரிந்ததும் அணைத்தோம். ஃபிளாக் அணைந்தது, எழுதிய தரவு அணையவில்லை. 40 ரூபாய்த் தள்ளுபடி 4000 என்று கிடக்க, பழைய கோடு அதை 4000 ரூபாய் என்று படித்தது. பில் தொகை மைனஸில் போனது. கேனரியாக இருந்தாலும் இதே கதைதான். அப்புறம்தான் இந்த டெஸ்ட்டை எழுதினோம்:

```python
def test_off_after_on():
    flags.set("new_discount", True)
    bill = create_bill(order)
    flags.set("new_discount", False)
    assert read_bill(bill.id).total == bill.total
```

‘ஆன்’ தனியாக, ‘ஆஃப்’ தனியாக என்று இரண்டு டெஸ்ட் எங்களிடம் இருந்தது, இரண்டும் பச்சை. ஆனில் எழுதி ஆஃபில் படிப்பதை யாரும் பார்க்கவில்லை. பைசாவுக்கு இப்போது தனி நெடுவரிசை. புதுக் கோடு இரண்டு நெடுவரிசையிலும் எழுதும். பழையது தன் நெடுவரிசையை மட்டும் படிக்கும்.

கண்காணிப்பில் கேனரிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆகவேண்டும். எங்கள் வழக்கமான பில் தோல்வி 0.5 சதவீதம், அலாரம் 2 சதவீதத்தில் அடிக்கும். ஃபிளாக் திறந்த அந்த 2 சதவீதம் பேரின் பில்லில் 30 சதவீதம் தோற்றாலும், மொத்தத்தில் 1.1 சதவீதத்தைத் தாண்டாது. அலாரம் தூங்கும். அதனால் ஒவ்வொரு மெட்ரிக்கிலும் `variant="new"` அல்லது `variant="old"` என்று ஒட்டி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைய வேண்டும். கேனரியில் பாட் பதிப்பே அந்தப் பிரிவினையைச் செய்துவிடும். லைப்ரரி மாற்றம், மெமரி கசிவு மாதிரி விஷயங்களை `if`-க்குள் அடைக்கவும் முடியாது, அங்கே கேனரிதான். மொபைல் ஆப் வெளியீட்டில் என் கை அதிகம் பட்டதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஃபிளாக்கின் உண்மையான செலவு, வேலை முடிந்தும் அது கோடிலேயே கிடப்பது. 2012 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் பழைய ஃபிளாக் ஒன்றைப் புது வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தியது. எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புது கோடு ஏறவில்லை. அங்கே அந்த ஃபிளாக் செத்துப்போன பழைய கோடை எழுப்பிவிட்டது. பதறிப்போய் மற்ற ஏழிலிருந்தும் புது கோடை நீக்கினார்கள். வந்த ஆர்டர்களில் ஃபிளாக் இன்னும் ஆனில் இருந்ததால் எட்டிலும் பழைய கோடு ஓடத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

எங்களிடம் ஃபிளாக் உருவாக்கும்போதே அதை நீக்க ஒரு டிக்கெட்டும் தேதியும் போடுகிறோம். இப்போது 11 ஃபிளாக் இருக்கிறது. நான்கின் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. அதில் இரண்டு என்னுடையது.