எஸ்எம்எஸ் போகவில்லையா, காத்திருக்கிறதா? மறுபடி அனுப்பும் முன் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

ஒரு பள்ளியின் மழை விடுமுறை அறிவிப்பு. திங்கள் இரவு 8 மணிக்கு 1,840 பெற்றோருக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்தால் 1,512 பேருக்கு DELIVRD, 214 பேருக்கு ENROUTE, 71 பேருக்கு UNDELIV, 43 பேருக்கு REJECTD. டெலிவரி ஆகாத 328 பேருக்கும் ஒரே அழுத்தில் மறுபடி அனுப்பிவிட்டேன். அந்த மூன்று ஸ்டேட்டஸுக்கும் மூன்று விதமான பதில் தேவை என்பது அடுத்த நாள்தான் உறைத்தது.

முதலில் ENROUTE. சில பேனல்களில் இது 'பெண்டிங்' என்று வரும். இது தோல்வி அல்ல. செய்தி நெட்வொர்க்கின் எஸ்எம்எஸ் சென்டரில் பத்திரமாக இருக்கிறது, எதிர்முனையில் போன் அணைந்திருக்கிறது அல்லது சிக்னல் இல்லை. சென்டர் இடைவெளி விட்டு விட்டுத் தானே முயலும். போன் உயிர்பெற்றதும் நெட்வொர்க்கே சென்டருக்குத் தகவல் சொல்லும், செய்தி போய்விடும். நடுவில் நாம் மறுபடி அனுப்பினால் பழையது ரத்தாகாது. இரண்டும் வரிசையில் நின்று இரண்டும் போகும்.

அப்படித்தான் ஒரு தாயாருக்கு ஆனது. இரவு முழுக்க போன் அணைந்திருந்தது. செவ்வாய் காலை 7 மணிக்குப் போட்டதும் 'நாளை பள்ளி விடுமுறை' என்று இரண்டு முறை வந்தது. அவர் அதைப் புதன்கிழமை என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது பிரதி வந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. புதனன்று பிள்ளை பள்ளிக்கு வரவில்லை.

ஆகவே பெண்டிங்குக்கு நாம் கையாள வேண்டியது ரீட்ரை பொத்தானை அல்ல, செல்லுபடி நேரத்தை. அனுப்பும்போதே 10 மணி நேரம் என்று வைத்தால் காலை 6 மணியோடு செய்தி காலாவதியாகும். நம் மென்பொருள் நேரடியாகச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எஸ்எம்பிபி இணைப்பில் அதை இப்படிக் கொடுப்போம்:

```
validity_period = 000000100000000R
```

அதன்பின் போன் திறந்தாலும் பழைய 'நாளை' போய்ச் சேராது. ரிப்போர்ட் இப்படி வரும்:

```
id:7f31c0 sub:001 dlvrd:000 submit date:2411252002 done date:2411260602 stat:EXPIRED err:027
```

EXPIRED வந்தால்தான் மறுபடி அனுப்புவது பற்றி யோசிக்கலாம், அதுவும் செய்தி இன்னும் பொருந்துமானால் ஒரே முறை, 'இன்று விடுமுறை' என்று திருத்தி. 'நாளை' என்பதற்குப் பதிலாகத் தேதியையே எழுதுவது இன்னும் நல்லது. ஓடிபி போன்றவற்றுக்குச் செல்லுபடி நேரம் ஐந்து நிமிடம் போதும்.

UNDELIV இதற்கு நேர் எதிர். சென்டர் முயற்சியைக் கைவிட்டுவிட்டது, இனி அது தானாகப் போகாது. ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன. எண்ணே புழக்கத்தில் இல்லையென்றால் நூறு முறை அனுப்பினாலும் வீண். போனில் செய்திகளுக்கு இடமில்லை என்பது போன்ற காரணமென்றால் சில மணி நேரம் கழித்து ஒருமுறை முயலலாம். எது எது என்று err என்ற எண்தான் சொல்லும். அந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் செய்திகளை நெட்வொர்க்குக்கு அனுப்பித் தரும் கேட்வே நிறுவனத்திடம் அவர்களுடைய பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள். எங்கள் 71-ல் பெரும்பகுதி எப்போதோ மாற்றப்பட்ட எண்கள். அவற்றுக்குத் தேவைப்பட்டது ரீட்ரை அல்ல, வகுப்பாசிரியர் பெற்றோரிடம் புது எண்ணைக் கேட்பது.

REJECTD பெற்றோரின் போன் வரை போகவே இல்லை. இந்தியாவில் நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவான ஹெடர் என்னும் அனுப்புநர் பெயருக்கும், டெம்ப்ளேட் என்னும் வாசகத்துக்கும் பொருந்துகிறதா என்று வழியிலேயே சரிபார்க்கப்படும். எங்கள் 43 பேரும் எல்கேஜி பெற்றோர். அவர்களுக்கான செய்தியில் மட்டும் 'ஆன்லைன் வகுப்பும் இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தோம், பதிவான டெம்ப்ளேட்டில் அந்த வரி இல்லை. இரண்டாம் முறை அனுப்பியபோதும் அதே 43 அப்படியே திரும்பியது. ஒரு குழுவுக்கு மட்டும் மொத்தமாக REJECTD வந்தால் எண்களை விட்டுவிட்டு வாசகத்தைப் பாருங்கள். அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினால் உடனே போகும், காத்திருக்கத் தேவையே இல்லை.

தமிழில் அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துக்குறிதான் அடங்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி ரிப்போர்ட் வரலாம். இரண்டு துண்டில் ஒன்று DELIVRD, ஒன்று ENROUTE என்றிருந்தால் அந்தப் பெற்றோரை இன்னும் பெண்டிங் கணக்கிலேயே வைத்திருங்கள்.

செல்லுபடி நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் ENROUTE மாறவில்லையென்றால், அல்லது UNKNOWN என்று வந்தால், ரிப்போர்ட்டே வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது அந்த id-யைக் கொடுத்து கேட்வேயில் நிலையைக் கேளுங்கள். அதன் பிறகே மறுபடி அனுப்புங்கள்.