அடியில் நூல் சிக்கினால் மேல்நூலைப் பாருங்கள்

கொக்குவிலில் தையல் இயந்திரத்தில் தைக்கப் பழகும் தங்கச்சி ஒருத்தி படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைப் பொப்ளினில் பாடசாலைச் சட்டை; மேல்பக்கத் தையல் ஓரளவு நேராக ஓடியிருக்கிறது, அடியில் குருவிக்கூடு போல நூல் திரண்டு கிடக்கிறது. "அக்கா, பொபினில்தான் பிழை போல. அதன் திருகாணியை இறுக்கட்டுமா?" என்று கேட்டாள். தொடவே வேண்டாம் என்றேன்.

மேல்நூல், பொபினிலிருந்து வரும் அடிநூல் இரண்டும் வெள்ளை என்பதால், சிக்கியது எது என்று படத்தில் தெரியவில்லை. மேலே மட்டும் சிவப்பு நூல் கோத்து, பழைய துணியில் ஒரு சாண் தைக்கச் சொன்னேன். அடியில் திரண்டது முழுவதும் சிவப்பு. பொபின் குற்றவாளியல்ல, மேல்நூல்தான் இறுக்கம் இல்லாமல் கீழே கொட்டுகிறது.

ஊசியில் பிழை இருந்தால் அடையாளம் வேறு. தையல் இடையிடையே விடுபடும், நூல் நைந்து அறும், துணியில் டக் டக்கென்று குத்தும் சத்தம் கேட்கும். பொப்ளினுக்கு 14ஆம் இலக்க ஊசி போதும். ஊசி மழுங்கியதால் மட்டும் இவ்வளவு பெரிய சிக்கல் வருவது அரிது.

மீதியிருப்பவை நூல் இறுக்கமும் நூல் கோத்த முறையும். பலரும் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் இரண்டுக்கும் அடையாளம் ஏறத்தாழ ஒன்று. இறுக்கம் சற்றுத் தளர்ந்திருந்தால் அடியில் சிறு சிறு வளையங்கள் வரிசையாகத் தெரியும். தையல் ஓடிக்கொண்டே இருக்கும். கூடாகத் திரண்டு துணியே நகராமல் நின்றால், மேல்நூல், அதை அழுத்திப் பிடிக்கும் இறுக்கத் தட்டுகளுக்குள் போகவேயில்லை, அல்லது ஏறி இறங்கும் நெம்புகோலின் துளையைத் தவறவிட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் கீழே இறங்கிய நூலைத் திரும்ப மேலே இழுப்பது அந்த நெம்புகோல்தான். அது இழுக்காவிட்டால் மிச்ச நூல் அடியிலேயே தங்கிவிடும்.

பிரித்தறிய எளிய சோதனை உண்டு. துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி, ஊசிப் பக்கமாக நூலை இழுங்கள். இலேசாக வர வேண்டும். பாதத்தை இறக்கி இழுத்தால் ஊசி சற்று வளையும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டு நிலையிலும் இலேசாக வந்தால் நூல் தட்டுகளுக்குள் இல்லை. அந்நிலையில் இறுக்கக் குமிழை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. பின்னர் நூலைச் சரியாகக் கோக்கும்போது அந்தக் கூடுதல் இறுக்கம் துணியைச் சுருக்கும், நூலையும் அறுக்கும்.

தங்கச்சிக்கு இரண்டு நிலையிலும் நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. பாதம் இறங்கியிருக்கும்போது தட்டுகள் மூடியிருக்கும். அவள் அப்படித்தான் கோத்திருக்கிறாள். பாதத்தை உயர்த்தி, நெம்புகோலை உச்சிக்குக் கொண்டுவந்து, முழுவதையும் கழற்றி மீண்டும் கோக்கச் சொன்னேன். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் 10 சென்ரிமீற்றர் அளவு பின்னால் பிடித்துக்கொள்ளவும் சொன்னேன். குமிழ் 4இல் இருந்தது, அங்கேயே விட்டாள். அடுத்த படத்தில் அடிப்பக்கத்தில் சிவப்பு நூல் சின்னப் புள்ளிகளாகக்கூடத் தெரியவில்லை.