வீடியோ டிஸ்கிரிப்ஷன் எழுதக் கொடுக்கிறவங்க உஷார்: 4,500 ரூபாய் போச்சு

மதுரை கோரிப்பாளையம் பக்கம் உள்ள ஒரு எடிட்டிங் கடை. சேமிப்பு, எஸ்ஐபி அடிப்படைகள் பற்றிய வீடியோவுக்கு டிஸ்கிரிப்ஷன் எழுத 4,500 ரூபாய். கேட்டது இரண்டே: ரிஸ்க் எச்சரிக்கை தெளிவாக இருக்கணும், லாபம் வரும்னு எங்கேயும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "ஃபைனான்ஸ் சேனலுக்குத்தாண்ணே நிறைய எழுதுறோம்" என்று போனில் ஒரு மாதிரியைக் காட்டினார்கள். எச்சரிக்கை முதல் வரியிலேயே பளிச்சென்று இருந்தது. அதை நம்பித்தான் முழுப் பணமும் ஜிபேயில் போனது.

வந்ததன் முதல் வரி: "மாதம் 5,000 போடுங்க, 10 வருடத்தில் 11.6 லட்சம் உறுதி!"

அந்த 11.6 லட்சம், வருடம் 12% என்று வைத்துப் போட்ட கணக்கு. அதே 5,000 ரூபாய்க்கு 6% என்று வைத்தால் சுமார் 8.2 லட்சம்தான். கட்டுவது மொத்தம் 6 லட்சம். சந்தை விழுந்த நேரத்தில் எடுத்தால் அதுவே குறையலாம். 12% என்பது வெறும் அனுமானம். அதை விழுங்கிவிட்டு "உறுதி" என்று ஒட்டினால் உதாரணக் கணக்கு வாக்குறுதியாகிவிடும்.

எச்சரிக்கை எங்கே என்று தேடினால் டீமேட் லிங்க், டெலிகிராம் லிங்க், ஹேஷ்டேக் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது. யூடியூபில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மிச்சத்தை அழுத்தி விரித்தால்தான் தெரியும். அங்கேயும் "நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்" என்று எவருடைய வரியையோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பதிவே இல்லாதவர் பெயரில் இது வந்தால் நேரடிப் பொய். மாட்டிக்கொள்வது சேனல்காரர்தான், கடைக்காரர் இல்லை.

திருத்தக் கேட்டால், "டிஸ்கிளைமர் கீழ இருக்குல்லண்ணே." மேலே உறுதி, கீழே ரிஸ்க், எதை நம்புவது? மறுநாள், "உறுதின்னு போட்டாத்தாண்ணே வியூஸ் வரும்." அதற்கடுத்து, "ஓனர் திருமங்கலம் போயிருக்காரு." கடைசியில், "ஃபைல் அனுப்பிட்டா பணம் ரிட்டர்ன் கிடையாது." 4,500 ரூபாய்! திரும்ப முழுசாக எழுத வேண்டியதாயிற்று.

முதல் வரிகளில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "இது அடிப்படைகளை விளக்கும் வீடியோ, முதலீட்டு ஆலோசனை இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு சந்தை ரிஸ்க்குக்கு உட்பட்டது; போட்ட பணமும் குறையலாம். கணக்குகள் உதாரணம் மட்டுமே."

என்னென்ன பார்க்கணும்னு விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க, 4,500ல் பாதி போதும். "உறுதி", "கேரண்டி" வந்தால் பணமில்லைன்னு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க. பதிவு எண் ஏதாவது ஒட்டியிருந்தால் செபி தளத்தில் தேடிப் பாருங்க. ஆலோசகர் எண் INA என்று தொடங்கும். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்க. பில்லே தராத கடையா, படியேறாதீங்க.