வரிசையில் சேர்க்கும்போதா, எடுக்கும்போதா: முகவரியைப் ‘பார்த்தது’ என்று எப்போது குறிப்பது?

இணைப்புகளைப் பின்தொடர்ந்து வலைப்பக்கங்களைத் திரட்டும் நிரல், ஒரே பக்கத்துக்கு இருமுறை போகாதிருக்க, முகவரிகளைக் குறித்து வைக்கும். அதை வரிசையில் சேர்க்கும்போதும் செய்யலாம், வரிசையிலிருந்து எடுக்கும்போதும் செய்யலாம். இரண்டு முறையிலும் முகவரியை முதலில் சீராக்க வேண்டும். `HTTP://Example.com:80/contact#top` என்பது `http://example.com/contact` ஆன பிறகே ஒப்பிட வேண்டும்.

நினைவகம்: முகப்பில் 50 இணைப்புகள்; அந்த 50 பக்கங்களின் அடியிலும் `/contact`. எடுக்கும்போது குறித்தால் அதன் 50 பிரதிகள் வரிசையில் தேங்கும். சேர்க்கும்போது குறித்தால் ஒன்றுதான்.

ஆழம்: முதலில் வந்தது முதலில் போகும் வரிசையில், முதலில் கண்ட வழியே மிகக் குறுகியது. அதனால் சேர்க்கும்போதே குறித்தாலும் ஆழக் கணக்கு பிசகாது. முன்னுரிமை வரிசையில் இந்த உறுதி இல்லை. நீண்ட வழி முந்திக்கொண்டால், ஆழ வரம்புக்குள் வரவேண்டிய பக்கங்கள் விடுபடும்.

சுழல்: ‘அடுத்த மாதம்’ என்று முடிவின்றிப் புது முகவரி தரும் நாட்காட்டியிடம் இரண்டு முறையும் தோற்கும். அங்கே காப்பது ஆழ வரம்பு போன்ற தனி எல்லைதான்.

சாதாரண அகலவழித் தேடலுக்குச் சேர்க்கும்போதே குறியுங்கள். முன்னுரிமை வரிசைக்கு எடுக்கும்போது குறிப்பதே பொருந்தும். அங்கும் குறைந்த ஆழத்தில் மறுபடி வந்தால் ஆழத்தைத் திருத்த வேண்டும்.